பதிவுக்கட்டணம் போய்விட்டது, ஆள் இன்னும் வரவில்லை

மட்டக்களப்பில் வீட்டோடு இருந்து வயதானவர்களைப் பார்க்க ஆள் தேடுகிறவர்கள் இப்போது முதலில் திறப்பது முகநூலைத்தான். முன்பெல்லாம் கோயில் வீதியிலோ சந்தையிலோ நாலு பேரிடம் சொல்லிவைத்தால் போதும், யாரோ ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். இன்று அந்த அக்கா குவைத்திலோ சவுதியிலோ இருக்கிறார். சொல்லிவைக்க ஆளில்லாத இடத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அனுபவமுள்ள பெண்கள், உடனடிச் சேவை, நாடு முழுவதும் அனுப்பப்படும் என்ற வாசகங்களுக்குக் கீழே இரண்டு கைத்தொலைபேசி இலக்கங்கள் இருக்கும், மூலையில் ஒரு பதிவு இலக்கமும் இருக்கும். அழைத்தால் மரியாதையாகப் பேசுவார்கள். ஆள் கைவசம் இருக்கிறார், நாளைக்கே வருவார், அதற்கு முன்னர் பதிவுக்கட்டணத்தை மட்டும் வங்கியில் போட்டுவிட்டுச் சிட்டையை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள்.

அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டு ஆள் வராமல் காத்திருப்பது பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அது வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. போனது சில ஆயிரம் ரூபாய் என்பதால் ஒருவர் விட்டுவிடுகிறார். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளைக்கு இங்கே வந்து முறையிட வழியில்லை என்பதால் இன்னொருவர் விட்டுவிடுகிறார். வீட்டில் படுக்கையில் கிடக்கிறவரைப் பார்க்கவே நேரம் போதாத குடும்பம் பொலிசுக்கும் கச்சேரிக்கும் எப்போது போவது?

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே வருகிற குடும்பமும் தொகைகளும் விளக்கத்துக்காகச் சொல்லப்படுபவை. படிகள் மட்டும், ஆள் தேடி அலைந்த எவருக்கும் பழக்கமானவை.

கல்லடியில் ஒரு தாய், வயது எழுபத்தெட்டு. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. போதனா வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது விடுதித் தாதி இரண்டு விடயங்களை அழுத்திச் சொல்கிறார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்த வேண்டும், படுத்தபடி கொடுத்தால் நெஞ்சுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாகிவிடும். மகள் ஆசிரியை, லீவு முடிந்துகொண்டிருக்கிறது. மகன் கனடாவில். அவர்தான் விளம்பரத்தைக் கண்டுபிடித்து, பதிவுக்கட்டணம் பத்தாயிரம் ரூபாயைப் போடுகிறார்.

மறுநாள் ஆள் வரவில்லை. "அண்ணா, ஹட்டன்ல இருந்து வாற பஸ்ஸை விட்டுட்டா, நாளைக்கு கட்டாயம் ஏத்திவிடுறன்." அடுத்த நாள் அந்தப் பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் போயா. ஐந்தாம் நாள் ஒரு படமும் அடையாள அட்டையின் முன்பக்கமும் வட்ஸ்அப்பில் வருகின்றன, மகன் நிம்மதியடைகிறார். ஒன்பதாம் நாள் ஒரு பெண் ஓட்டோவில் வந்து இறங்குகிறார். படத்தில் இருந்தவர் இவரல்ல. ஆனாலும் மகள் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. வந்தவர் நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனால் கட்டிலைக் கண்டதும் முகம் மாறுகிறது. சமைத்து, வயதான அம்மாவுக்குத் துணையாக இருந்தால் போதும் என்று சொல்லித்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிப் பழக்கமில்லை. நாலு நாள் சமாளித்துவிட்டு ஐந்தாம் நாள் விடிய வீட்டுக்குப் போய்விடுகிறார். மகன் அழைத்துக் கேட்டால், ஆளை அனுப்பியாகிவிட்டது, நீங்கள்தான் வைத்துக்கொள்ளவில்லை, மாற்றாள் வேண்டுமென்றால் மறுபடியும் பதிய வேண்டும் என்ற பதில் வருகிறது.

இந்தக் கதையில் யாரும் முகமூடி போட்ட கள்ளர் இல்லை. முகவர் ஒருவேளை உண்மையிலேயே ஆள் தேடியிருக்கலாம். ஆனால் அவர் தேடினாலும் தேடாவிட்டாலும் வருமானம் ஒன்றுதான் என்பதுதான் இங்கே மூலக்கோளாறு. பத்தாயிரம் வீதம் மாதம் முப்பது வீடுகள் பதிந்தால் மூன்று இலட்சம் ரூபாய் வந்துவிடுகிறது. அந்த முப்பதில் பத்து வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் பெண்களைத் தேடி ஊருக்குப் போக வேண்டும், பஸ் காசு கொடுக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், ஒருவர் விட்டுப்போனால் இன்னொருவரை ஒழுங்கு செய்ய வேண்டும். பணம் முன்னாலே வந்துவிட்டால் இவை எல்லாம் வெறும் செலவு. ஆள் பற்றாக்குறை கூடக்கூடத் தவிக்கும் வீடுகளும் கூடும், பதிவுகளும் கூடும். நேர்மையாக நடத்த நினைக்கிறவரையும் இந்தக் கணக்கு மெல்ல மெல்லப் பதிவுக்கட்டண வியாபாரத்துக்குத் தள்ளிவிடும்.

ஆகவே ஒரு குடும்பம் முதலில் கேட்க வேண்டியது, கட்டணம் எவ்வளவு என்பதல்ல. எப்போது கொடுக்க வேண்டும், எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதுதான். ஆள் வந்து வேலையைப் பார்த்து, ஒரு மாதம் நின்ற பிறகுதான் பெரும்பகுதி கொடுபடும் என்று சொல்லிப் பார்த்தால், கைவசம் ஆள் இருக்கிறவர் பேரம் பேசுவார். ஆள் இல்லாதவர் அந்த அழைப்பை அத்தோடு முடித்துக்கொள்வார்.

விளம்பரத்தின் மூலையில் இருக்கும் பதிவு இலக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படித்தவர்களும் ஏமாறுவது அங்கேதான். இலங்கையில் யாரும் ஒரு வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிந்துகொள்ளலாம். பலசரக்குக் கடைக்கும் அதுதான், தையற்கடைக்கும் அதுதான். தனியார் கம்பனியாகப் பதிந்தால் பிவி என்று தொடங்கும் இலக்கம் கிடைக்கும், அதைக் கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். இரண்டுமே இந்தப் பெயரில் ஒரு தொழில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்பவை. வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கட்டணம் வாங்க அரசு அனுமதித்திருக்கிறது என்று அவை சொல்வதில்லை.

அந்த அனுமதிக்கென்று தனியான சட்டம் ஒன்று இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கக் கட்டணம் அறவிடும் வேலைவாய்ப்பு முகவர் நிலையங்கள் சட்டம். உள்நாட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தொழிலைத் தொழில் ஆணையாளரின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை. சட்டம் வந்து கிட்டத்தட்ட எழுபது வருடம் ஆகிறது. ஆனால் ஆள் தேடும் வீடுகளில் அந்த அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறவர்கள் அரிது. கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

இதே மட்டக்களப்பில் இருந்து ஒரு பெண் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போவதை ஒப்பிட்டுப் பார்த்தால் இடைவெளி தெளிவாகும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் முகவர்களுக்கு உரிமம் கொடுக்கிறது, உரிமம் உள்ளவர்களின் பட்டியலை வெளியிடுகிறது. போகிற பெண் பணியகத்தில் பதிய வேண்டும், பயிற்சி எடுக்க வேண்டும், ஒப்பந்தம் வேண்டும். அங்கேயும் ஏமாற்று நடக்கிறது, தரகர்கள் இருக்கிறார்கள், பெண்கள் துன்பப்படுகிறார்கள். என்றாலும் கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது என்று கிராமத்துப் பெண்ணுக்கும் தெரியும். அதே பெண் திரும்பி வந்து, வெல்லாவெளியில் இருந்து மட்டக்களப்பு நகரத்து வீடொன்றுக்கு வேலைக்குப் போகும்போது அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருப்பதில்லை. அவரை எடுக்கும் வீட்டிடமும் இருப்பதில்லை.

வராத ஆளைவிடக் கவலை தருவது விசாரிக்காமல் அனுப்பப்படும் ஆள். கேரளத்தின் பத்தனம்திட்டை மாவட்டத்தில் 2025 ஏப்ரலில் வெளிவந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். மறதிநோயால் பாதிக்கப்பட்ட முன்னாள் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவரைப் பார்க்க, ஒரு முகவர் நிலையத்தின் மூலம் வீட்டுத் தாதியாக ஓர் ஆண் அமர்த்தப்பட்டிருந்தார். குடும்பத்தவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். முதியவர் விழுந்து காயப்பட்டுவிட்டார் என்று அவர்களுக்குத் தகவல் போனது. சந்தேகப்பட்டு வீட்டுக் கண்காணிப்புக் கமெராவைப் பார்த்தபோது, அவர் அடிக்கப்பட்டதும் தரையில் இழுத்துச் செல்லப்பட்டதும் பதிவாகியிருந்தன. அந்தத் தாதி கைது செய்யப்பட்டார். அந்த வீட்டில் கமெரா இருந்ததால் உண்மை தெரிந்தது. பேச்சு வராத, நினைவு தடுமாறிய ஒருவரோடு ஓர் அந்நியரைத் தனியே விடும்போது, நடந்ததைச் சொல்ல அந்த வீட்டில் வேறு சாட்சியே இருக்காது. பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்து இருக்கும் மட்டக்களப்பு வீடுகளுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

முகவர்கள் பரிசோதித்த ஆள் என்று சொல்லும்போது அநேகமாக அடையாள அட்டையின் படத்தைத்தான் கருதுகிறார்கள். அந்த அட்டையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்பவை. பெப்ரவரிக்கு எந்த வருடமும் இருபத்தொன்பது நாள் என்று வைத்துத்தான் எண்ணுவார்கள். பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1985 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணுக்கு அது 61ஆவது நாள், ஆகவே அவருடைய எண் 1985561 என்று தொடங்கும். பழைய அட்டையிலும் இதே முறைதான், ஆண்டுக்கு மட்டும் கடைசி இரண்டு இலக்கங்கள் வரும். அட்டையில் அச்சாகியிருக்கும் பிறந்த திகதியும் எண்ணும் பொருந்தாவிட்டால் அந்த அட்டையை நம்பக் கூடாது. பொருந்தினாலும் அது பொய்யில்லை என்று உறுதியாகிவிடாது, வேறொருவரின் உண்மையான அட்டையாகவும் இருக்கலாம். அதனால் வட்ஸ்அப் படம் போதாது. ஆள் வந்து இறங்கும்போது மூல அட்டையைக் கையில் வாங்கி, முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பலமானது கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். வதிவிடத்தையும் நன்னடத்தையையும் சொல்லும் அந்தக் கடிதம், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு வந்தால், இப்படி ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார், அவரை அந்த ஊருக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம். ஆறேழு வருடத்துக்கு முந்தின கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் பயனில்லை, அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும். அதிலிருக்கும் கிராம சேவகர் பிரிவின் பெயரை வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் விசாரித்துக்கொள்ளலாம். இதையும் தாண்டிய ஒன்று உண்டு, முன்பு வேலை செய்த வீட்டாரோடு நேரே பேசுவது. முகவர் கொடுக்கும் இலக்கத்தில் பேசுவது ஒருவர். அந்தப் பெண்ணே, "நான் மூணு வருசம் அங்கதான் இருந்தன், அந்தம்மா மோசம் போகுமட்டும் நான்தான் பாத்த" என்று சொல்லித் தருகிற இலக்கத்தில் பேசுவது வேறு ஒருவர். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். ஏன் விட்டுப் போனார்? பதில் ஒன்றாக இருந்தால் நல்லது.

பயிற்சி பெற்றவர் என்று சொல்லப்பட்டால் எந்தப் பயிற்சி என்று கேட்கலாம். மூன்றாம் நிலைக் கல்வி மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கட்டமைப்பில், பராமரிப்பாளர் தொழிலுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. அது இருந்தால் இலக்கம் இருக்கும், சரிபார்க்க முடியும். இல்லாவிட்டாலும் கேடில்லை, இந்த வட்டாரத்தில் தாயையும் மாமியையும் பார்த்தே வேலை பழகிய கெட்டிக்காரப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுகொள்ள, வந்த முதல் மணித்தியாலத்திலேயே கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றிக் காட்டச் சொன்னால் போதும். தெரிந்தவர் முதலில் நோயாளியிடம் பேசுவார், கால்களைத் தரையில் ஊன்றவைப்பார், தன் முழங்காலை மடக்கி உடலோடு அணைத்துத் தூக்குவார். தெரியாதவர் கக்கத்தில் கைகொடுத்து இழுப்பார். வாதம் விழுந்த பக்கத்துத் தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். சலக்குழாய் பார்ப்பது, மூக்குக் குழாயால் உணவு கொடுப்பது என்று வந்துவிட்டால் அதைத் தாதியிடம் பழகியவர்தான் செய்ய வேண்டும். விளம்பரத்தில் நர்ஸ் என்று போட்டிருந்தால், தாதியர் பதிவு இருக்கிறதா என்று கேட்காமல் விடக் கூடாது.

இவ்வளவும் வேலைக்கு வருகிறவரைச் சந்தேகிக்கச் சொல்வது போல இருக்கிறது. இலங்கையின் பழைய சட்டம் அந்தக் கண்ணோடுதான் அவர்களைப் பார்த்தது. 1871இல் வந்த வீட்டு வேலையாட்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் வேலைக்காரரைத்தான் பதியச் சொன்னது. அவர்கள் ஒழுங்காக நடத்தப்படுகிறார்களா என்று பார்க்க அது பிறக்கவில்லை. இன்றும் ஊழியர் சேமலாப நிதி வீட்டுப் பணியாளருக்கு எட்டவில்லை. முகவர்கள் ஏமாற்றுவது வீட்டுக்காரரை மட்டும்தான் என்று நினைத்தால் அது பாதிக் கதை.

கல்லடி வீட்டிலிருந்து ஐந்தாம் நாள் திரும்பிப் போன பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் மறுபாதி தெரியும். அவரிடமும் பதிவுக்கென்று ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கியிருப்பார்கள், அல்லது முதல் மாதச் சம்பளத்தில் பாதி முகவருக்கு என்று பேசியிருப்பார்கள். நோயாளியின் நிலையைச் சொல்லவில்லை, சம்பளம் எவ்வளவு என்பதையும் தெளிவாகச் சொல்லவில்லை. மாதக் கடைசிவரை நின்றால்தான் காசு என்பதால் நாலு நாள் உழைப்பு வீணாகிவிட்டது. அவர் நின்றிருந்தாலும் இரண்டு மாதத்தில் முகவரே அழைத்து, கொழும்பில் கூடுதல் சம்பளம் இருக்கிறது என்று சொல்லி எடுத்துவிடுவது உண்டு. ஒரே ஆளை இரண்டு வீட்டுக்கு விற்றால் இரண்டு பதிவுக்கட்டணம். இங்கே ஏமாற்றப்படுவது நோயாளியும் பணியாளரும் சேர்ந்துதான். அதை இருவரும் தனித்தனியே, ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லியபடி அனுபவிக்கிறார்கள்.

தரகரை யாரும் கேள்வி கேட்காத முறை எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த நாடு 2021 ஜூலையில் பார்த்தது. மலையகத்தின் டயகமவில் இருந்து தரகர் ஒருவர் மூலம் கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டு வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிறுமி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தார். கைது செய்யப்பட்டவர்களில் அந்தத் தரகரும் ஒருவர். சில வாரம் ஊர்வலங்களும் அறிக்கைகளும் இருந்தன. வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தொழில் யார் கையில், என்ன அனுமதியோடு நடக்கிறது என்ற கேள்வி அந்தச் சத்தத்துக்குள் அடிபட்டுப் போனது.

வேறு வழி இல்லாமலில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பெண்களை வீட்டு வேலைக்குக் கொண்டுவரும் முகவர்கள் மனிதவள அமைச்சின் உரிமம் பெற வேண்டும். 2023 ஜூன் 1 முதல், பணிப்பெண் ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டால், வீட்டாரிடம் வாங்கிய சேவைக் கட்டணத்தில் குறைந்தது பாதியை முகவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. அந்த ஒரு விதி முகவரின் கணக்கையே மாற்றிவிடுகிறது. பொருந்தாத ஆளை அனுப்பினால் நட்டம் அவருக்கு. ஆகவே அனுப்பும் முன்பே விசாரிக்கிறார், நோயாளியின் நிலையை மறைக்காமல் சொல்கிறார். சிங்கப்பூரின் மற்ற விதிகளை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் பணம் திரும்பும் விதி எழுத ஒரு வர்த்தமானி போதும், எழுபது வருடச் சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அதுவரை ஏமாந்தவர் என்ன செய்யலாம்? பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். காசு வாங்கிச் சேவை தராததும், பொய்யான உறுதி கொடுப்பதும் அதன் பார்வைக்குள் வரும். ஆனால் முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். முகவரின் நாளைக்கு, அடுத்த கிழமைக்கு என்ற தவணைகள் இந்த மூன்று மாதத்தைத்தான் தின்கின்றன. அதனால் இரண்டாவது தவணை தவறிய அன்றே, பணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு வட்ஸ்அப் செய்தியாவது எழுத்தில் அனுப்பி, அதன் படத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் இருந்தே ஆளை அனுப்பும் எண்ணம் இல்லாமல் காசு வாங்கியதற்கு அறிகுறி இருந்தால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 400, 403ஆம் பிரிவுகளின் கீழ் ஏமாற்றுதல், பொலிசில் முறையிடலாம். வெறும் பணத் தகராறாக நின்றுவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. இது எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒன்றுதான், வங்கிச் சிட்டை. கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனிநபர் பெயரில் இருந்தால் பணம் போடும் முன்பே நிறுத்திக்கொள்வது நல்லது. போட்டுவிட்டால் அந்தப் பெயர்தான் முறைப்பாட்டில் வர வேண்டிய பெயர். முகநூல் பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு வேறு பெயரில் இருந்ததா என்பதையும் அந்தப் பக்கத்தின் விபரங்களிலேயே பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு பெயர் மாறும் பக்கத்துக்குப் பணம் போடுவதில் அர்த்தமில்லை.

இந்த வாவிக்கரையில் முகவரே தேவைப்படாத வழியும் ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. எந்த வீட்டில் யார் படுக்கையில், எந்தப் பெண் யாரைப் பார்த்துப் பழகியவர் என்பது அந்தச் சங்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். படுவான்கரைப் பெண்கள் பலருக்கு, சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு இரவு தங்க விருப்பமில்லை. விடியப் போய்ப் பொழுதுபட வருவதென்றால் வேலைக்கு வருவார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் கொக்கட்டிச்சோலையில் இருந்து காலையில் புறப்பட்டு எழுவான்கரைக்கு வந்து, இருட்டுமுன் வீடு திரும்ப முடிகிறது. முகநூல் முகவர்கள் விற்பது பெரும்பாலும் வீட்டோடு தங்கும் ஆளை. இரண்டு பெண்கள் பகல், இரவு என்று மாறி வந்தால் செலவு கூடும், ஆனால் ஒருவர் வராத நாளில் மற்றவர் இருப்பார், படுக்கைப்புண்ணுக்காக இரவில் எழும்ப விழித்திருக்கும் ஆளும் இருப்பார்.

அந்த உத்தியோகத்தரிடம் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். பராமரிப்பாளர் பயிற்சி முடித்தவர்கள், வளைகுடா நாடுகளில் வயதானவர்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், கிராம உத்தியோகத்தர் கடிதம் உள்ளவர்கள், பகல் வேலைக்கு மட்டும் வரக்கூடியவர்கள் என்று பெயரும் ஊரும் இருக்கும் பட்டியல். தொழில் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில், அனுமதிப்பத்திரம் உள்ள முகவர் யார் யார் என்று தமிழில் ஒரு அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். ஒருவருமே இல்லையென்றால் ஒருவருமில்லை என்று ஒட்டப்பட வேண்டும். வீட்டுக்கும் பணியாளருக்கும் இடையில் ஒரு பக்க ஒப்பந்தம், சம்பளம் எவ்வளவு, கிழமையில் எந்த நாள் ஓய்வு, நோயாளியின் நிலை என்ன, இரவில் எத்தனை முறை எழும்ப வேண்டும், இடையில் விட்டால் வேலை செய்த நாட்களுக்குச் சம்பளம் எப்படி என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதியைப் பணியாளர் கையில் கொடுப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அடுத்த முறை ஆள் எடுக்கும் வீடே அதைத் தொடங்கலாம்.